NPV முதல் தொகையிலேயே ஓர் ஆண்டு வட்டியைக் கழிப்பது ஏன்? ஆரம்ப முதலீட்டைச் சரியாகச் சேர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூரிலும் புதுச்சேரியிலும் ஆடிட்டர் அலுவலகங்களில் பயிற்சிக்குச் சேருபவர்கள் வங்கிக் கடனுக்கான புராஜெக்ட் ரிப்போர்ட்டில் முதன்முதலில் கை வைக்கும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். முதலீட்டையும் பின்வரும் ஆண்டுகளின் வரவையும் வரிசையாக எக்செல்லில் போடுகிறார்கள். மொத்த வரிசையையும் தேர்ந்தெடுத்து, நிகர நிகழ்கால மதிப்பைக் கணக்கிடும் NPV என்ற சூத்திரத்துக்குள் கொடுக்கிறார்கள். விடை வருகிறது, பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. ஆனால் அந்த விடை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்த விடையோடு ஒட்டாது.

எக்செல்லில் கோளாறு எதுவும் இல்லை. நாம் நினைக்கும் காலக்கோடும் அந்தச் சூத்திரம் நினைக்கும் காலக்கோடும் ஓர் ஆண்டு தள்ளி நிற்கின்றன. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த வரிசையில் திருத்துவது, திருத்திய பிறகும் எங்கே சறுக்கும் என்பதைக் கீழே படிப்படியாகப் பார்க்கலாம். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் மூன்றிலும் இந்தச் சூத்திரத்தின் அடிப்படை ஒன்றுதான்.

## 1. கணினியைத் திறக்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

முதலில் "இன்று" என்பது எந்த நாள் என்று முடிவு செய்யுங்கள். நிகர நிகழ்கால மதிப்பு என்பது எல்லாத் தொகைகளையும் ஒரே நாளுக்குக் கொண்டுவந்து கூட்டுவது. அந்த நாள் எது என்று தெரியாமல் கூட்டினால் விடைக்குப் பொருளே இல்லை. வழக்கமாக இயந்திரத்துக்குப் பணம் கட்டும் நாளைத்தான் "இன்று" என்று வைப்போம். அதற்கு ஆண்டு 0 என்று பெயர். அன்றிலிருந்து பன்னிரண்டு மாதம் முடியும் நாள் ஆண்டு 1.

அடுத்து, ஒவ்வொரு தொகையும் ஆண்டின் தொடக்கத்தில் கை மாறுகிறதா, முடிவிலா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விடுவதுதான் பின்னால் வரும் குழப்பத்தில் பாதிக்குக் காரணம். பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி ஆலையை எடுத்துக்கொண்டால், கொட்டை வாங்கும் பணம் மார்ச் முதல் மே வரையிலான அறுவடைப் பருவத்தில் கொத்தாக வெளியே போகும். பருப்பு விற்ற பணம் ஆண்டு முழுக்கச் சிறிது சிறிதாக வரும். முதல் பருவத்துக்குக் கொட்டை வாங்கி வைக்கும் நடைமுறை மூலதனமும் ஆண்டு 0-இல் உட்கார வேண்டிய தொகைதான். அதை முதலாம் ஆண்டு வரவில் கழித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் ஓர் ஆண்டு வட்டி காணாமல் போகும். கடைசி ஆண்டில் அந்தப் பணம் திரும்பி வருவதையும் மறக்காமல் போட வேண்டும்.

மூன்றாவது, வெளியே போகும் பணத்துக்கு எதிர்க்குறி, உள்ளே வரும் பணத்துக்கு நேர்க்குறி. இந்த வழக்கத்தை ஒரே கோப்பில் மாற்றி மாற்றிச் செய்யாதீர்கள்.

நான்காவது வட்டி வீதம். கட்டத்தில் `12%` என்று அடியுங்கள். வெறும் 12 என்று அடித்தால் சூத்திரம் அதை 1200 விழுக்காடாக எடுத்துக்கொள்ளும். போட்ட முதல் கிட்டத்தட்ட முழுதும் நட்டம் என்று விடை வந்தால் முதலில் இந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

## 2. ஒரு நிமிடச் சோதனை

உண்மையான கணக்கைத் தொடும் முன், வெற்றுத் தாளில் இந்த இரண்டையும் அடித்துப் பாருங்கள்.

```
=NPV(10%,110)
=NPV(10%,-100)
```

முதலாவது 100 என்று வரும். இன்று 100 ரூபாயை 10 விழுக்காட்டுக்குப் போட்டால் ஓர் ஆண்டில் 110 ஆகும், ஆகவே 110-இன் இன்றைய மதிப்பு 100. இதில் யாருக்கும் சண்டை இல்லை.

இரண்டாவது -90.91 என்று வரும். இன்று கையிலிருந்து கொடுத்த 100 ரூபாயின் இன்றைய மதிப்பு 100 ரூபாய்தானே? சூத்திரமோ 90.91 என்கிறது. நீங்கள் "இன்று கொடுத்தேன்" என்று நினைத்து அடித்தது அதற்குத் தெரியாது. முதல் தொகை என்றால் ஓர் ஆண்டு கழித்து நடப்பது என்றே அது எடுத்துக்கொண்டு, 100-ஐ 1.10-ஆல் வகுத்துவிட்டது. பிரச்சினை முழுதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

## 3. சூத்திரம் ஏன் அப்படி எண்ணுகிறது

NPV-க்குள் ஆண்டு என்ற தகவலே போவதில்லை. நீங்கள் கொடுப்பது ஒரு வட்டி வீதமும் ஒரு தொகை வரிசையும் மட்டுமே. பக்கத்து நெடுவரிசையில் 0, 1, 2 என்று அழகாக ஆண்டு எழுதி வைத்திருந்தாலும் அது அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. வரிசையில் முதலில் நிற்பதை (1 + வீதம்) ஆல் ஒரு முறை வகுக்கிறது, இரண்டாவதை இரண்டு முறை, மூன்றாவதை மூன்று முறை, அவ்வளவுதான். எண்ணிக்கை 1-இல் தொடங்குகிறது, 0-இல் அல்ல.

இதற்குப் பின்னால் இருப்பது "எல்லாத் தொகையும் காலத்தின் முடிவில் கை மாறுகிறது" என்ற அனுமானம். தவணைக் கணக்குக்கான PV சூத்திரமும் நாம் வேறு சொல்லாதவரை இதே அனுமானத்தில்தான் ஓடுகிறது. ஆனால் PV-இன் கடைசி இடத்தில் 1 என்று போட்டால் காலத்தின் தொடக்கத்துக்கு மாறிக்கொள்ளும். NPV-க்கு அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. அந்த வேலையை நாமே வெளியே செய்ய வேண்டும்.

பாடப்புத்தகத்தில் நிகர நிகழ்கால மதிப்பு என்றால் வரவுகளின் இன்றைய மதிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்தது. எக்செல்லின் NPV செய்வது அதில் முதல் பாதியை மட்டும். பெயரில் "நிகர" என்று இருந்தாலும் முதலீட்டை எங்கே வைப்பது என்ற முடிவை அது எடுப்பதில்லை. இந்தப் பெயருக்குப் பொருத்தமில்லாத நடத்தைதான் புதியவர்களை ஏமாற்றுகிறது என்பது என் கணிப்பு.

## 4. எடுத்துக்காட்டுக் கணக்கைத் தாளில் ஏற்றுதல்

ஒரு முந்திரி ஆலை. கொட்டையை அவிக்கும் பாய்லரும் உடைக்கும் இயந்திரமும் சேர்ந்து ₹6,00,000. ஐந்து ஆண்டு ஓடும். கூலி, மின்சாரம் எல்லாம் போக முதல் ஆண்டு ₹1,50,000 மிஞ்சும், அடுத்த மூன்று ஆண்டும் ₹1,80,000 வீதம். ஐந்தாம் ஆண்டு ₹1,50,000-உம் இயந்திரத்தைப் பழைய விலைக்கு விற்ற ₹60,000-உம் சேர்ந்து ₹2,10,000. வட்டி வீதம் 12 விழுக்காடு. எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. நடைமுறை மூலதனத்தையும் வரியையும் இங்கே வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், சூத்திரத்தின் மேல் கவனம் நிற்க வேண்டும் என்பதற்காக.

```
      A       B
1   ஆண்டு   தொகை
2     0     -600000
3     1      150000
4     2      180000
5     3      180000
6     4      180000
7     5      210000
```

வட்டி வீதத்தை E1 கட்டத்தில் வையுங்கள். சூத்திரத்துக்குள்ளேயே 12% என்று எழுதிவிட்டால், வங்கி மேலாளர் "13-இல் என்ன வரும்?" என்று கேட்கும்போது நான்கு இடத்தில் மாற்றி ஐந்தாவதை மறப்பீர்கள்.

## 5. தவறான சூத்திரம் என்ன செய்கிறது

எல்லோரும் முதலில் அடிப்பது இது:

```
=NPV(E1,B2:B7)
```

விடை ₹34,907.86. உள்ளே நடந்ததைப் பிரித்துப் பார்ப்போம். வரிசையில் முதலில் நின்றது முதலீடு. ஆகவே 6,00,000-ஐ 1.12-ஆல் வகுத்து ₹5,35,714 ஆக்கிவிட்டது. ஆண்டு 1-இன் வரவு இரண்டாவதாக நின்றதால் அதற்கு இரண்டு ஆண்டு வட்டி கழிந்தது. ஆண்டு 5-இன் வரவுக்கு ஆறு ஆண்டு. மொத்தக் கணக்கும் ஓர் ஆண்டு பின்னால் தள்ளிப் போனது, ஓர் ஆண்டு கழித்து இயந்திரம் வாங்கப் போகும் ஒருவருக்கு இன்று கணக்குப் போட்டுக் கொடுத்ததைப் போல.

முதலீடு மட்டும்தான் தவறாகக் குறைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வரவுகளும் குறைந்தன. அதனால்தான் விடை கண்ணை உறுத்தாமல், சரியான விடைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது.

## 6. சரியான சூத்திரம்

முதலீட்டை அடைப்புக்குறிக்கு வெளியே கொண்டுவாருங்கள். உள்ளே ஆண்டு 1 முதல் மட்டும்.

```
=B2+NPV(E1,B3:B7)
```

விடை ₹39,096.81. இப்போது உள்ளே முதலில் நிற்பது ஆண்டு 1-இன் வரவு, அதற்கு ஓர் ஆண்டு வட்டி கழிகிறது. ஆண்டு எண்ணும் இட எண்ணும் ஒத்துப்போய்விட்டன. ஐந்து வரவுகளின் இன்றைய மதிப்பு ₹6,39,096.81. அதில் எதுவும் கழிக்கப்படாத முழு 6,00,000 வெளியே போனதால் மீதி இது.

B2-க்கு முன்னால் கூட்டல் குறிதான். கட்டத்திலேயே எதிர்க்குறி இருக்கிறது. `-B2` என்று அடித்தால் முதலீடு வரவாகிவிடும், விடை ₹12,39,096.81 என்று வரும். போட்ட முதலைப்போல் இரு மடங்கு லாபம் காட்டும் முந்திரி ஆலை எங்கும் இல்லை. அப்படி ஒரு விடையைப் பார்த்தால் குறியைச் சரிபாருங்கள்.

இன்னொரு தவறு, வெளியே கூட்டிவிட்டு உள்ளேயும் B2-ஐ விட்டுவைப்பது: `=B2+NPV(E1,B2:B7)`. முதலீடு இரண்டு முறை கழிந்து ஐந்தரை லட்சத்துக்கு மேல் நட்டம் என்று வரும். பழைய கோப்பில் பாதி திருத்தி நிறுத்தியவர்களிடம் இது அடிக்கடி வரும்.

ஏற்கெனவே முழு வரிசையையும் உள்ளே போட்டு எழுதிய கோப்பைக் குறைந்த திருத்தத்தில் சரிசெய்ய இன்னொரு வழியும் உண்டு.

```
=NPV(E1,B2:B7)*(1+E1)
```

எல்லாம் ஒரே அளவு, அதாவது ஓர் ஆண்டு, கூடுதலாகக் கழிந்ததால் ஒரு முறை (1 + வீதம்) ஆல் பெருக்கினால் சரியாகிவிடும். 34,907.86-ஐ 1.12-ஆல் பெருக்கிப் பாருங்கள், 39,096.80 வரும். ஒரு பைசா வேறுபாடு நாம் தசமத்தை வெட்டி அடித்ததால் வந்தது. விடை சரிதான், ஆனாலும் முதல் வடிவத்தையே நான் பரிந்துரைப்பேன். அடுத்தவர் கோப்பைத் திறக்கும்போது "இந்தப் பெருக்கல் எதற்கு?" என்று நீக்கிவிட வாய்ப்பு அதிகம். `B2+` என்பதை யாரும் அப்படி நீக்குவதில்லை.

## 7. ஆண்டு எண்ணைக் கொண்டு சரிபார்த்தல்

NPV ஆண்டு நெடுவரிசையைப் பார்ப்பதில்லை என்றால், பார்க்கும் ஒரு சூத்திரத்தை வைத்து அதைச் சோதிக்க வேண்டும். C2-இல் இதை எழுதி C7 வரை இழுங்கள்.

```
=B2/(1+$E$1)^A2
```

ஆண்டு 0-க்கு அடுக்கு 0. எந்த எண்ணையும் 0 அடுக்குக்கு உயர்த்தினால் 1 ஆகிவிடும், ஆகவே C2-இல் -6,00,000 மாறாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் A2-இல் 0-க்குப் பதில் 1 இருக்கிறது. C நெடுவரிசையின் கூட்டுத்தொகையும் ஆறாம் படியின் விடையும் பைசா வரை ஒத்துப்போக வேண்டும்.

E1-க்கு இரண்டு டாலர் குறி போட்டது, கீழே இழுக்கும்போது அது E2, E3 என்று நகராமல் இருக்க. மறந்தால் வெற்றுக் கட்டத்தை வீதமாக எடுத்து, இரண்டாவது வரியிலிருந்து வட்டியே கழியாது. C3-இல் 1,50,000 அப்படியே தெரிந்தால் காரணம் அதுதான்.

தனி நெடுவரிசை வேண்டாம் என்றால் ஒரே கட்டத்தில்:

```
=SUMPRODUCT(B2:B7/(1+E1)^A2:A7)
```

இது இட எண்ணை நம்பாமல் A-இல் எழுதிய ஆண்டை எடுத்துக்கொள்கிறது. பெரிய கோப்புகளில் NPV-க்குப் பக்கத்தில் இதையும் வைத்து, இரண்டின் வித்தியாசம் 0 என்று காட்டும் ஒரு கட்டம் வைப்பது நல்ல பழக்கம். ஒன்பதாம் படியில் அதன் பயன் தெரியும்.

## 8. இந்தத் தவறு ஏன் பிடிபடுவதில்லை

மொத்த வரிசையையும் உள்ளே போட்டால் வரும் விடை, சரியான விடையை 1.12-ஆல் வகுத்தது. நேர்க்குறி எண்ணை 1.12-ஆல் வகுத்தால் நேர்க்குறியே வரும், எதிர்க்குறி எதிர்க்குறியாகவே இருக்கும். ஆக, "திட்டத்தை எடுக்கலாமா, விடலாமா" என்ற கேள்விக்கு இரண்டு சூத்திரமும் ஒரே பதிலைச் சொல்லும். எல்லாத் திட்டத்தையும் ஒரே வீதத்தில் அதே தவறான முறையில் போட்டால் தரவரிசையும் மாறாது. தேர்வுத் தாளில் மதிப்பெண் போகும், ஆலைக்கு ஒன்றும் ஆகாது.

நிகர நிகழ்கால மதிப்பைப் பூச்சியமாக்கும் வட்டி வீதமான IRR-ஐ வைத்துச் சோதிக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். `=IRR(B2:B7)` நம் கணக்கில் ஏறத்தாழ 14.5 விழுக்காடு தரும். IRR-க்கு முதலீட்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அதைவிட்டு B3:B7 மட்டும் கொடுத்தால் எதிர்க்குறித் தொகை ஒன்றுகூட இல்லாததால் `#NUM!` என்று வரும். சரி, அந்த IRR-ஐ E1-இல் போட்டால் NPV பூச்சியமாகிறதா? ஆகும். ஆனால் தவறான சூத்திரத்திலும் ஆகும், பூச்சியத்தை எதனால் வகுத்தாலும் பூச்சியம்தான். ஆகவே இந்தச் சோதனை இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்காது.

தொகையையே பயன்படுத்தும் இடத்தில்தான் இடி விழும். பாகூரில் ஒருவர் போட்ட கோப்பையும் நெல்லிக்குப்பத்தில் இன்னொருவர் போட்ட கோப்பையும் பக்கத்தில் வைத்து இரண்டு இயந்திரத்தில் ஒன்றைத் தேர்வு செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். நம் இயந்திரத்துக்குத் தவறான முறையில் 34,907. மற்றதற்குச் சரியான முறையில் 37,000. பார்ப்பவர் இரண்டாவதை எடுப்பார், உண்மையில் முதலாவதுதான் 39,097 தருவது. விற்பவரிடம் விலை பேசும்போதும் அப்படியே. இந்த இயந்திரத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு வரை கொடுக்கலாம் என்றால் ₹6,39,096 வரை. தவறான விடையை முதலீட்டோடு கூட்டிச் சொன்னால் நான்காயிரம் குறைத்துச் சொல்வீர்கள்.

## 9. காலிக் கட்டம்: முடிவையே புரட்டிப் போடும் தவறு

சூத்திரம் இடத்தைத்தான் எண்ணுகிறது என்பதன் மோசமான விளைவு இது. வரிசைக்குள் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எக்செல்லின் NPV அதைப் பூச்சியமாக எடுக்காது, இல்லாததாகவே எடுக்கும். பின்னால் நிற்பவை எல்லாம் ஓர் இடம் முன்னால் நகர்ந்துவிடும்.

ஆலைக்கு மும்முனை மின் இணைப்பு வர ஓர் ஆண்டாகிறது, அந்த ஆண்டு வரவு இல்லை, அடுத்த நான்கு ஆண்டும் ₹2,00,000 வீதம் வரவு என்று வைத்துக்கொள்வோம். முதலீடும் வீதமும் முன்போலவே. B3-ஐக் காலியாக விட்டு `=B2+NPV(E1,B3:B7)` என்று அடித்தால் ₹7,469.87 லாபம் என்று வரும். B3-இல் 0 என்று அடித்தால் ₹57,616.19 நட்டம்.

சூத்திரத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. காலிக் கட்டத்தால் இரண்டாம் ஆண்டுப் பணம் முதலாம் ஆண்டிலேயே வந்ததாகக் கணக்கானது, நட்டத் திட்டம் லாபத் திட்டமானது. ஆறாம் படியைச் சரியாகச் செய்தவரும் இங்கே விழுவார்.

வரவில்லாத ஆண்டுக்குக் கோடு போட்டு வைக்கும் கணக்குப்பிள்ளைப் பழக்கமும் இதே விளைவைத் தரும். கட்டத்தில் `-` என்று அடித்தால் அது எழுத்து, எண் அல்ல, NPV அதையும் தாண்டிப் போய்விடும். வேறு மென்பொருளிலிருந்து ஒட்டிய எண்கள் எழுத்தாகப் பதிவாகியிருந்தாலும் அப்படியே. எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்துகள் இடப்பக்கம். நீங்களாக எதையும் நகர்த்தாத வரை இந்த அடையாளம் போதும்.

இங்கேதான் ஏழாம் படியின் SUMPRODUCT உதவுகிறது. காலிக் கட்டத்தை அது 0 என்று எடுத்து, ஆண்டை A-இலிருந்து வாசிப்பதால் சரியான -57,616.19-ஐத் தரும். கோடு இருந்தால் `#VALUE!` என்று கத்தும். இரண்டு விடையும் ஒட்டவில்லை என்றாலே எங்கோ காலிக் கட்டமோ எழுத்தோ இருக்கிறது.

நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ள, புதுத் தாளில் A1-ஐக் காலியாக விட்டு A2-இல் 121 போட்டு `=NPV(10%,A1:A2)` அடியுங்கள். 110 வந்தால் அது காலியைத் தாண்டுகிறது. 100 வந்தால் காலியை ஒரு காலமாக எண்ணுகிறது.

## 10. XNPV-க்கு மாறும்போது பழக்கத்தை விட்டுவிடுங்கள்

தொகைகள் சீரான இடைவெளியில் வராதபோது தேதியோடு கணக்கிடும் XNPV-ஐப் பயன்படுத்துவோம். இது நேர் எதிரானது. முதல் தேதியை "இன்று" என்று எடுத்துக்கொண்டு, முதல் தொகையில் வட்டியே கழிக்காது. ஆகவே முதலீட்டை உள்ளேயே கொடுக்க வேண்டும். தேதிகள் D2:D7-இல் இருந்தால்:

```
=XNPV(E1,B2:B7,D2:D7)
```

NPV-இல் கற்ற பழக்கத்தில் `=B2+XNPV(E1,B3:B7,D3:D7)` என்று எழுதினால், முதலாம் ஆண்டு வரவு வரும் நாளே "இன்று" ஆகிவிடும். எல்லா வரவுக்கும் ஓர் ஆண்டு வட்டி குறைவாகக் கழிந்து, நம் கணக்கில் நிகர மதிப்பு ₹1,15,000-ஐத் தாண்டும். உண்மையான விடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. NPV-இல் செய்யும் தவறு விடையைச் சற்றே சுருக்கும், XNPV-இல் செய்யும் தவறு ஊதிப் பெருக்கும், ஆகவே இரண்டாவது ஆபத்தானது.

சரியாகப் போட்டாலும் XNPV-உம் NPV-உம் பைசா வரை ஒத்துப்போகாது. XNPV நாட்களை 365-ஆல் வகுக்கிறது. 1-4-2025 முதல் 1-4-2030 வரை எடுத்தால் நடுவில் 29-2-2028 வருகிறது. அந்த ஒரு நாளால் நம் கணக்கில் விடை சுமார் ₹112 குறையும். அந்த அளவு வித்தியாசத்துக்குப் பதற வேண்டாம். ஆயிரக்கணக்கில் இருந்தால்தான் தேட வேண்டும்.

## 11. முன்கூட்டியே கட்டும் வாடகை

ஆலைக்காரர் இயந்திரத்தை வாங்காமல் குத்தகைக்கு எடுக்கலாமா என்று கேட்கிறார். ஆண்டுக்கு ₹1,60,000, ஐந்து ஆண்டு, ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத்திலேயே கட்ட வேண்டும். ஐந்து வாடகையையும் வரிசையாகப் போட்டு NPV அடித்தால் ₹5,76,764. வாங்கினால் 6,00,000. குத்தகைதான் மலிவு என்று தோன்றும்.

ஆனால் முதல் வாடகை இன்றைக்கே போகிறது. அதை வெளியே எடுத்து, மீதி நான்கை மட்டும் உள்ளே வைக்க வேண்டும். வாடகைகள் G2:G6-இல் இருந்தால் `=G2+NPV(E1,G3:G6)`. விடை ₹6,45,976. வாங்குவதைவிட 46,000 ரூபாய் அதிகம், அதோடு குத்தகையில் கடைசியில் விற்க இயந்திரமும் கையில் இருக்காது. எட்டாம் படியில் சொன்ன "குறி மாறாது" என்ற ஆறுதல் இங்கே செல்லாது. ஒரு பக்கம் வட்டி கழித்த தொகை, மறுபக்கம் கழிக்காத விலை என்று ஒப்பிட்டதால் முடிவே மாறுகிறது.

வாடகை ஒரே அளவாக இருப்பதால் `=PV(E1,5,-160000,0,1)` என்றும் சரிபார்க்கலாம். கடைசி 1 தான் முன்பு சொன்ன சுவிட்ச்.

முதலீட்டை உள்ளேயே விட வேண்டிய நேரமும் உண்டு. இயந்திரம் இப்போது ஆர்டர் கொடுத்து, பணம் ஓர் ஆண்டு கழித்துக் கட்டுவதாக உடன்பாடு என்றால் அது ஆண்டு 1-இன் தொகை, அதற்கு வட்டி கழிவது சரியே. பாதி இன்று, பாதி அடுத்த ஆண்டு என்றால் இன்றைய பாதி மட்டும் வெளியே. மானியம் பிறகு வருமென்றால் அதை ஆண்டு 0-இல் முதலீட்டிலிருந்து கழித்துவிடாமல், கைக்கு வரும் ஆண்டில் வரவாகப் போடுங்கள்.

மாதக் கணக்கிலும் முறை இதே. E1-இல் மாத வீதம் இருக்க வேண்டும் என்பது மட்டும் கூடுதல். ஆண்டுக்கு 12 விழுக்காடு என்பது மாத வட்டியாகக் கூடும் கடன் வீதம் என்றால் 12-ஆல் வகுத்து 1%. ஆண்டு முழுமைக்குமான பயன் வீதம் என்றால் `=(1+12%)^(1/12)-1`. மாத வரிசையில் முதலீட்டை உள்ளே விட்டால் பிழை ஒரு விழுக்காட்டளவே வரும், அதனால் இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும்.

## 12. அடுத்தவர் கோப்பு கைக்கு வந்தால் எந்த வரிசையில் பார்ப்பது

முதலில் சூத்திரக் கட்டத்தை இருமுறை சொடுக்குங்கள். வண்ணக் கோடு எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்று தெரியும். முதலீட்டுக் கட்டத்தையும் சேர்த்து வளைத்திருந்து, வெளியே பெருக்கலும் இல்லை என்றால் ஐந்தாம் படியின் தவறு. XNPV என்றால் அளவுகோல் தலைகீழ், முதலீடு உள்ளே இருக்க வேண்டும்.

பிறகு வரிசைக்குள் காலிக் கட்டம், கோடு, இடப்பக்கம் ஒட்டிய எண் இருக்கிறதா என்று பாருங்கள். இதைச் சூத்திரத்தைத் திருத்திய பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு காலிக் கட்டம் வரவுகளை முன்னால் இழுப்பதும், உள்ளே விட்ட முதலீடு அவற்றைப் பின்னால் தள்ளுவதும் ஒன்றையொன்று ஓரளவு மறைத்துக்கொள்ளும்.

கடைசியாக வட்டி வீதக் கட்டத்தில் 0 அடித்துப் பாருங்கள். வட்டியே இல்லாதபோது NPV என்பது தொகைகளின் வெறும் கூட்டல்தான். நம் எடுத்துக்காட்டில் ₹3,00,000 வர வேண்டும். வராவிட்டால் குறி தவறு, முதலீடு இரட்டிப்பு, அல்லது ஏதோ ஒரு தொகை எழுத்தாகப் பதிவாகி விடுபட்டிருக்கிறது. முதலீடு உள்ளே விடப்பட்ட தவறையும் காலிக் கட்டத்தையும் இந்தச் சோதனை காட்டாது, ஏனென்றால் வீதம் 0 ஆனால் எத்தனை ஆண்டு தள்ளினாலும் மதிப்பு மாறாது. அவற்றுக்கு ஏழாம் படியின் C நெடுவரிசைதான் வேண்டும். பார்த்து முடித்ததும் வீதத்தை மறக்காமல் 12%-க்கு மாற்றிவிட்டுச் சேமியுங்கள்.